‘மன் கூடை’ எப்படி வந்தது: ஒரு காசிமேட்டுக் கைப்பிரதியும் 312 திருத்தங்களும்

‘மன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா ஏலத்துக்கு ஓடுவார்.’

நான் திருத்திக் கொடுத்து, எழுதியவர் பார்த்து முடித்துத் திருப்பி அனுப்பிய கோப்பில் இப்படி ஒரு வரி இருந்தது. அவர் எழுதியது ‘மின் கூடை’. நான் மாற்றியது ‘மீன் கூடை’. ‘மன் கூடை’ என்று யாருமே எழுதவில்லை. ஆனாலும் அது அங்கே இருந்தது, அதுவும் இரண்டு இடங்களில்.

எழுதியவர் காசிமேட்டில் விசைப்படகு வைத்திருந்து ஓய்வுபெற்றவர், வயது 66. 84 பக்கத்துக்கு நினைவுக்குறிப்பு எழுதியிருந்தார். நோட்டில் பேனாவால் எழுதியதை அவருடைய மகள் வேர்டில் தட்டச்சு செய்து அனுப்பினார். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலிருந்தே தமிழ்ப் பிரதிகளைத் திருத்திக் கொடுப்பவள். நினைவுக்குறிப்பை எழுதிய அண்ணன் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: “நீ எத வேணா மாத்தும்மா. ஆனா எத மாத்துனன்னு எனக்குத் தெரியணும். வேணாம்னா வேணாம்னு சொல்லணும்.” அவர் கேட்டது டிராக் சேஞ்சஸ் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். Review பட்டையில் Track Changes-ஐ அழுத்திவிட்டு வேலையை ஆரம்பித்தேன். அழித்தது கோடிட்டு நிற்கும், சேர்த்தது அடிக்கோட்டோடு நிற்கும், அவர் ஒவ்வொன்றாக Accept அல்லது Reject கொடுப்பார். இவ்வளவுதானே என்று நினைத்தேன்.

முதல் அத்தியாயம் ஒன்பது பக்கம். நான் முடித்தபோது Reviewing Pane-இன் தலையில் 312 என்று எண் காட்டியது. சேர்த்தது ஒன்று, அழித்தது ஒன்று என்று தனித்தனியாக எண்ணுவதால் இந்த எண் எப்போதும் கொஞ்சம் ஊதியே தெரியும். இருந்தாலும் ஒன்பது பக்கத்துக்கு 312 அதிகம்தான். அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணனுக்குக் கணினித் திரையில் படிக்க வராது. மகள் கோப்பை பென் டிரைவில் எடுத்துப்போய் டி.ஹெச். ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டார். திரையில் திருத்தங்கள் தெரிந்தால், வேர்டு அச்சிலும் அவற்றோடுதான் போடும். Print Markup என்ற தேர்வு தானாகவே டிக் ஆகியிருக்கும். கடையில் கறுப்பு வெள்ளை. திரையில் சிவப்பாக இருந்ததெல்லாம் எழுத்தோடு எழுத்தாகக் கறுத்துப் போனது. அந்தத் தாளில் அண்ணன் பேனாவால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிக் அல்லது பெருக்கல் குறி போட்டார். அதைப் பார்த்து மகள் கணினியில் ஒவ்வொன்றாக Accept, Reject அழுத்தினார். இரண்டு பேரும் செய்தது சரியான வேலை. தப்பு நான் திருத்திய விதத்தில் இருந்தது.

‘மின்’னை ‘மீன்’ ஆக்க நான் என்ன செய்தேன்? எனக்கு இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை பழக்கம். அதில் உயிர்க்குறிகளைத் தனியாகத் தட்டலாம். ‘மி’க்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு பேக்ஸ்பேஸ் அடித்தால், முழு எழுத்து போகாது, இகரக் குறி மட்டும் போகும். பிறகு ஈகாரக் குறியைத் தட்டினேன். இரண்டு தட்டலில் வேலை முடிந்தது. சாதாரணக் கோப்பில் இதில் ஒரு குறையும் இல்லை. டிராக் சேஞ்சஸ் ஓடும்போது வேர்டு என்ன பதிவு செய்கிறது என்று பாருங்கள்: மகரம் அப்படியே இருக்கிறது, ஒரு இகரக் குறி அழிக்கப்பட்டது, ஒரு ஈகாரக் குறி சேர்க்கப்பட்டது, பிறகு ‘ன்’. ஒரே எழுத்தின் நடுவில் இரண்டு தனி மாற்றங்கள். மெய்யை விட்டுப் பிரிந்த குறிகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாமல், திரையிலும் அச்சிலும் புள்ளி வட்டத்தோடு ஏதோ கொக்கி கொக்கியாக வந்து நிற்கும்.

அண்ணன் தாளில் அதைத்தான் பார்த்திருக்கிறார். கோடிட்ட கொக்கியைப் பார்த்து, ‘இது போகட்டும்’ என்று டிக். அடுத்து அடிக்கோடிட்ட இன்னொரு கொக்கியைப் பார்த்து, ‘இது என்ன கண்றாவி’ என்று பெருக்கல். மகள் அப்படியே அழுத்தினார். இகரம் போனது, ஈகாரம் வரவில்லை. மிஞ்சியது ‘மன்’. இதையே மாற்றிச் செய்திருந்தால் ஒரே மகரத்தின் மேல் இரண்டு குறிகளும் ஏறி உட்கார்ந்திருக்கும்.

வேர்டில் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவது ஒரு திருத்தம் இல்லை, இரண்டு. எடுத்தது தனி, போட்டது தனி. முதலில் ஒன்றுக்கு Accept கேட்கும், அப்புறம் அடுத்ததற்குக் கேட்கும். கூகுள் டாக்ஸின் Suggesting முறையில் இப்படி இல்லை, இதற்குப் பதில் அது என்று ஒரே அட்டையாகக் காட்டும். வேர்டில் அந்த வசதி இல்லாததால், ஒரு பாதியை ஏற்று மறு பாதியைத் தள்ளும் வாய்ப்பு எப்போதும் திறந்தே கிடக்கிறது. அதை மூட முடியாது. ஆனால் ஒருவர் தவறாகப் பாதியை ஏற்க முடியாதபடி, எது எதற்குப் பதில் என்று பளிச்சென்று தெரியும்படி திருத்த முடியும். எழுத்தைத் திருத்தாமல், சொல் முழுவதையும் எடுத்து, சொல் முழுவதையும் போட வேண்டும். ‘மின்’ கோடிட்டு நிற்க, பக்கத்தில் ‘மீன்’ அடிக்கோட்டோடு நின்றால், கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் தாளிலும் அண்ணனுக்குப் புரிந்திருக்கும். ஒரு குறிக்காக ஒரு சொல்லையே அடிப்பது ஆங்கிலத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு வீண்வேலையாகத் தெரியலாம். தமிழில் வேறு வழியில்லை.

இரண்டாவது சிக்கல் இதைவிட நுட்பமானது, எனக்கு அதிகம் வலித்ததும் அதுதான். அண்ணன் எழுதியிருந்தது: ‘விடியக்காலை மூன்று மணிக்கு ஐஸ் பெட்டியை இறக்கி வைத்தோம்.’ படகில் ஏற்றும்போது எப்படி இறக்குவார்கள் என்று நினைத்து ‘இறக்கி’யைத் ‘தூக்கி’ ஆக்கினேன். தகரம் வருவதால் முன்னால் ஒற்று மிக வேண்டும், எனவே ‘பெட்டியை’க்குப் பின்னால் ஒரு ‘த்’ சேர்த்தேன். இரண்டும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு மாற்றமாகப் பதிவானது.

அண்ணன் ‘தூக்கி’யைத் தள்ளிவிட்டார். அவர் செய்ததுதான் சரி. துறைமுக மேடையிலிருந்து பார்த்தால் படகின் கிடங்கு கீழே இருக்கிறது, பெட்டி இறங்கத்தான் செய்யும். ஆனால் ‘த்’ சின்னதாக, பிழையில்லாததாகத் தெரிந்ததால் அதை ஏற்றுக்கொண்டார். கோப்பில் வந்தது: ‘ஐஸ் பெட்டியைத் இறக்கி வைத்தோம்.’ உயிரெழுத்துக்கு முன்னால் ஒற்று. அவர் எழுதியபோது இல்லாத பிழையை நான் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவரைக் கொண்டே கையெழுத்தும் போட வைத்துவிட்டேன்.

ஒரு முடிவு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறதோ அதுவரை ஒரே மாற்றமாக இருக்க வேண்டும். ‘பெட்டியை இறக்கி’ என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் ‘பெட்டியைத் தூக்கி’ என்று தட்டியிருந்தால், தள்ளும்போது ஒற்றும் கூடவே போயிருக்கும். தமிழில் வினையையோ பெயரையோ மாற்றும்போது முந்தைய சொல்லின் கடைசி எழுத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுவாயை ‘அவன்’ என்பதிலிருந்து ‘அவர்கள்’ ஆக்கினால் வாக்கியக் கடைசியில் உள்ள வினைமுற்றும் மாறும். அப்படிப்பட்ட இடத்தில் நான் இப்போது முழு வாக்கியத்தையே எடுத்துவிட்டுப் புதிதாகத் தட்டுகிறேன். பக்கம் சிவந்துபோகும், போகட்டும். சோதனை எளிது: இந்த ஒரு மாற்றத்தை மட்டும் தள்ளி, மற்ற எல்லாவற்றையும் ஏற்றால் வாக்கியம் நிற்கிறதா? நிற்கவில்லை என்றால், அது இன்னொன்றோடு ஒட்டியிருக்க வேண்டிய மாற்றம்.

சரி, 312-க்கு வருவோம். திரும்ப உட்கார்ந்து பார்த்தபோது, அண்ணன் யோசித்து முடிவெடுக்க வேண்டியவை அதில் 40-ஐத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் ஒற்று, சொற்களுக்கு நடுவே இரட்டை இடைவெளி, ‘ர’வுக்கு ‘ற’ போன்றவை. இவற்றை அவர் தள்ளப்போவதே இல்லை. ஆனால் இவற்றின் நடுவில்தான் ‘இறக்கி’யும் ஒளிந்து கிடந்தது. நூறு ஒற்றுக்கு டிக் போட்ட கை, நூற்றோராவது இடத்திலும் டிக் போடும்.

சில திருத்துநர்கள் ஒற்றையும் இடைவெளியையும் டிராக் சேஞ்சஸை அணைத்துவிட்டுத் திருத்திவிடுவார்கள். அண்ணனிடம் அது நடக்காது, எதை மாற்றினாலும் தெரிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நான் செய்தது வேறு. வேர்டு ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பெயரில் பதிவு செய்கிறது. அந்தப் பெயர் File, Options, General-இல் User name என்ற இடத்தில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருந்தால் அதற்குக் கீழே உள்ள ‘Always use these values’ என்று தொடங்கும் பெட்டியிலும் டிக் போட வேண்டும், இல்லையென்றால் கணக்கின் பெயரே விழும். அங்கே என் பெயரை எடுத்துவிட்டு ‘சந்தி’ என்று வைத்தேன். முதல் சுற்றில் கோப்பு முழுக்க ஒற்று, இடைவெளி, எழுத்துப்பிழை மட்டும். அப்புறம் பெயரைத் திரும்ப என் பெயராக மாற்றி, இரண்டாவது சுற்றில் சொல், வாக்கியம், பொருள். வேர்டு இரண்டு பேரையும் வேறு வேறு நிறத்தில் காட்டியது.

மகளுக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: Show Markup-க்குள் Specific People போய் ‘சந்தி’யை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மறைக்கவும். ஒரு முறை மேலோட்டமாகக் கண்ணை ஓட்டவும். எங்காவது உறுத்தினால் அதை Reject செய்யவும். மற்றதுக்கெல்லாம் Accept-இன் கீழ் உள்ள அம்பை அழுத்தி Accept All Changes Shown கொடுக்கவும். Shown என்ற சொல் முக்கியம். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் Accept All Changes-ஐ அழுத்தினால் மறைத்து வைத்ததும் சேர்ந்து போய்விடும். அந்தப் பெண் முதல் முறை அதைத்தான் அழுத்தினார், உடனே Ctrl+Z அடித்துத் தப்பித்தார்.

இதில் ஒரு வரம்பு உண்டு. முதல் சுற்றில் நான் சேர்த்த ஒற்று, இரண்டாவது சுற்றில் நான் மாற்றும் சொற்றொடருக்குள் விழுந்தால் மாற்றத்துக்குள் மாற்றம் ஆகிவிடும். அந்த இடங்களில் ‘சந்தி’யின் ஒற்றை முதலில் நானே Reject செய்துவிட்டு, சொற்றொடரை முழுசாக மாற்றினேன்.

இப்போது கருத்துக் குறிப்புகள். முதல் அத்தியாயத்தில் நான் செய்த பெரிய தப்பு எழுத்தில் இல்லை, ஒரு எண்ணில் இருந்தது. 2010-ஐப் பற்றி எழுதும்போது அண்ணன் ‘தடைக்காலத்தில் 45 நாள் கடன் வாங்கிச் சாப்பிட்டோம்’ என்று எழுதியிருந்தார். நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது, வஞ்சிரம் விலையே சொல்லிவிடும். 45-ஐ அடித்து 61 போட்டேன். குறிப்பு எதுவும் எழுதவில்லை.

தாளில் அந்த இடத்தில் பெருக்கல் குறி, பேனா அழுந்திப் பின்பக்கம் தெரியும் அளவுக்கு. போனில் கேட்டார்: “2010-ல வீட்ல சும்மா குந்தினு இருந்தது நானா, நீயா?” 61 நாள் ஆனது 2017-இல். அதற்கு முன்னால் 45 தான். அவர் சரியாக எழுதியதை நான் இன்றைய கணக்கை வைத்துத் தவறாக்கப் பார்த்தேன்.

அன்றிலிருந்து தகவலில் கை வைப்பதில்லை, அதற்கு Ctrl+Alt+M. மாற்றம் என்பது ‘இது இப்படி இருக்க வேண்டும்’ என்று சொல்கிறது. குறிப்பு என்பது கேட்கிறது. எனக்குத் தெரியாததைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது என்பதிலும் நான் முதலில் சொதப்பினேன். ‘தெளிவில்லை’, ‘சரிபார்க்கவும்’ என்று ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்து அண்ணன் என்ன செய்வார்? இரண்டாம் அத்தியாயத்தில் இப்படி மாற்றினேன்: ‘இங்கே “அவன்” என்பது டிரைவரா, கூட வந்த பையனா? டிரைவர் என்றால் அப்படியே பெயர் போட்டுவிடுகிறேன்.’ ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி, பதிலுக்குப் பின் நான் என்ன செய்வேன் என்பதும் அதிலேயே இருக்கிறது.

பெரிய கேள்விக்கும் இதே வழி. அண்ணனுடைய நடையில் ‘வலிச்சிகினு’, ‘பாத்துகினு’ என்று ‘கினு’ கோப்பு முழுக்க இருந்தது. Replace All போட்டு ‘கொண்டு’ ஆக்கியிருந்தால் ஒவ்வொன்றும் இரண்டு மாற்றமாகப் பதிவாகி, இன்னும் நூற்றுக்கணக்கில் சிவப்பு கூடியிருக்கும். அவர் வேண்டாம் என்றால் அத்தனையையும் தள்ள வேண்டும். எனவே முதல் ‘கினு’வில் மட்டும் ஒரு குறிப்பு போட்டேன்: ‘கதை சொல்லும் இடங்களில் “கொண்டு”, பேச்சில் “கினு” அப்படியே. சரியா?’ மகள் அப்பாவிடம் கேட்டு, அதே குறிப்பின் கீழ் Reply-இல் பதில் எழுதினார்: ‘சரி. ஆனா அம்மா பேசுற இடத்துல கை வைக்கக் கூடாதுன்னு சொல்றாரு அக்கா.’ அதற்குப் பிறகுதான் மற்ற இடங்களைத் தொட்டேன்.

இதற்கிடையே மூன்றாம் அத்தியாயத்தில் வேறொரு கூத்து. திரும்பி வந்த கோப்பில் ஒரு பத்தி எனக்குப் புதிதாகத் தெரிந்தது. நான் திருத்தியதும் இல்லை, மூலத்தில் இருந்ததும் இல்லை, அதில் எந்தக் குறியும் இல்லை. மகள் எப்போதோ Ctrl+Shift+E-ஐத் தெரியாமல் தட்டி டிராக் சேஞ்சஸை அணைத்துவிட்டு, தான் பார்த்த பிழைகளை நேரடியாகத் திருத்தியிருக்கிறார்.

இப்படி நடக்காமல் இருக்க Lock Tracking என்று ஒன்று இருக்கிறது. கடவுச்சொல் வைத்துப் பூட்டினால் யாராலும் அணைக்க முடியாது. ஆனால் பூட்டியிருக்கும்போது Accept, Reject இரண்டும் வேலை செய்யாது. எழுதியவர் முடிவெடுக்க வேண்டிய கோப்பைப் பூட்டி அனுப்பினால் என்ன பிரயோஜனம்? அதனால் பூட்டவில்லை. நான் அனுப்பிய கோப்பைத் தேதியோடு தனியாக வைத்திருந்தேன், அது கைகொடுத்தது. Review-இல் Compare போய், நான் அனுப்பியதை மூலமாகவும் வந்ததைத் திருத்தியதாகவும் கொடுத்தேன். கோப்பில் மிச்சமிருக்கும் மாற்றங்களை ஏற்றதாக வைத்துத்தான் ஒப்பிடும் என்று வேர்டு எச்சரிக்கும். அதாவது அண்ணன் தள்ளிய என் திருத்தங்களும் வித்தியாசமாகவே வந்து நிற்கும். அவற்றைத் தாளில் பெருக்கல் போட்ட இடங்களோடு ஒப்பிட்டுக் கழித்தேன். மிச்சம் 17. அதில் 15 நல்ல திருத்தங்கள், மகளுக்குக் கண் கூர்மை. மற்ற இரண்டில் அப்பா சொன்ன விலையை மகள் இன்றைய விலைக்கு ஏற்றியிருந்தார். நான் 45-இல் செய்ததையேதான் அவரும் செய்திருந்தார்.

நான்காம் அத்தியாயத்திலிருந்து ஜெராக்ஸ் கடையை விட்டுவிட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் நான் காசிமேட்டுக்குப் போவேன். மகள் லேப்டாப்பில் ‘சந்தி’யை முதலிலேயே ஏற்று முடித்திருப்பார். All Markup-இல் வைத்து, மாறிய வாக்கியத்தை முதலில் பழையபடி படிப்பார், பிறகு புதியபடி. அண்ணன் “வெய்” அல்லது “எடு” என்பார். வாக்கியம் முழுவதையும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் எடுத்ததும் போட்டதும் ஒரே அழுத்தலில் முடிந்துவிடுகிறது, பாதி ஏற்கும் பேச்சே இல்லை. ஒரு அத்தியாயத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், டீயோடு சேர்த்து.

பக்க வடிவமைப்புக்குக் கொடுக்கும் முன் No Markup-இல் பார்த்தால் கோப்பு சுத்தமாகத்தான் தெரிந்தது. அதை நம்பக் கூடாது, அது மறைக்கிறது, நீக்குவதில்லை. Reviewing Pane-ஐத் திறந்து பார்த்தபோது இரண்டு மாற்றங்களும் ஐந்து குறிப்புகளும் இன்னும் உட்கார்ந்திருந்தன. மாற்றங்களை ஏற்றால் குறிப்புகள் போகாது, அவற்றைத் தனியாக Delete All Comments in Document கொடுத்து எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் ஒரு பிரதி சேமித்துக்கொண்டேன், அண்ணன் மகளுக்கு அது வேண்டுமாம்.

மிச்சமிருந்த இரண்டு மாற்றங்களும் ஒரே இடம்தான்: அவர் எழுதிய ‘நாஷ்டா’வை அடித்து ‘காலை உணவு’ என்று போட்டிருந்தேன். போன் போட்டேன். “கரைக்கு வந்து காலை உணவா சாப்ட்டோம்?” என்றார். Reject கொடுத்தேன். எண் பூஜ்யம் ஆனது.